ஆவணியில் நான் போட்ட தேதி

மஞ்சக்குப்பத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள் "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. ஏழாவது நாள் காலையில் மாதா கோயிலில் பூசை, மாலையில் எறிபந்து.

எறிபந்து என்றால் எங்களுக்குள் யாருக்கும் புரியாது. த்ரோபால் என்றால்தான் கண் மின்னும். பள்ளிக்கூடத்தில் விளையாடிவிட்டு, கல்யாணம், பிள்ளை, வேலை என்று போனவர்கள்தான் எங்கள் குழுவில் எல்லோரும். கடலூரில் நாங்கள் ஒரு அணி. செம்மங்குப்பம் ரசாயனத் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் பெண்கள் ஒரு அணி. குறிஞ்சிப்பாடியில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று. நான்கு அணிகளையும் சேர்த்து முதன்முறையாக ஒரு போட்டி வைத்தோம். கடலூரில், எங்கள் பங்குப் பள்ளி மைதானத்தில், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில்.

ஆட்டத்தில் எனக்குக் கொஞ்சம் கை நடுங்கும். எழுத்தில் நடுங்காது. அதனால் இன்ஸ்டாவில் எங்கள் குழுவுக்கு இருக்கும் பக்கத்தை என் தலையில் கட்டியிருந்தார்கள். போட்டி முடிந்ததும் படங்களைப் போட்டு அதற்குக் கீழே கேப்ஷன் எழுதுவது என் பொறுப்பு.

கேப்ஷன்தானே, என்ன பெரிய வேலை என்று போட்டிக்கு முதல் நாளே என் வீட்டுக்காரர் கேட்டார். எங்கே, நீங்களே ஒன்று எழுதுங்கள் என்று போனைக் கொடுத்தேன். "போட்டி இனிதே நடைபெற்றது. அனைவருக்கும் நன்றி" என்று எழுதித் தந்தார். காதுகுத்துப் பத்திரிகை மாதிரி இருந்தது. அனைவருக்கும் நன்றி என்றால் யாருக்கும் நன்றி இல்லை என்று அர்த்தம். மைதானத்துக்குச் சாவி கொடுத்தவரும், காலையில் வந்து கோடு போட்டவரும், வலை இரவல் தந்த சிஸ்டரும், ஒரு பானை மோர் கலந்து அனுப்பிய வீடும் அந்த 'அனைவரு'க்குள் தங்களைத் தேடிக்கொண்டா இருப்பார்கள்? அடுத்த முறை சாவி கேட்கப் போகும்போதுதான் தெரியும், அவர்கள் தேடிப் பார்த்தார்கள் என்று.

எனக்கு ஒரு முறை உண்டு. முதல் வரியில் நன்றியும் வேண்டாம், வணக்கமும் வேண்டாம். போனில் படத்துக்குக் கீழே முதல் வரிதான் தெரியும். மீதியெல்லாம் மடங்கிக் கிடக்கும், தொட்டால்தான் விரியும். தொட வைப்பதற்கு முதல் வரி. அதற்குப் பிறகு அன்று நடந்ததில் இரண்டு மூன்று, வந்தவர்கள் "ஆமாம்ல!" என்று சொல்கிற மாதிரி. வராதவர்களுக்கு வயிறு எரிய வேண்டும். அதற்கப்புறம் நன்றி, ஆள் ஆளாக, என்ன செய்தார்கள் என்பதோடு. கடைசியில் அடுத்தது எப்போது, எங்கே. அந்தக் கடைசி வரிக்காகத்தான் மேலே உள்ள அத்தனையும் என்று நான் நினைப்பேன். நேற்று நடந்ததைப் படிக்கிறவர் நாளைக்கு வர வேண்டுமே.

அன்று சாயங்காலம் வியர்வை காயாமல் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தில் என் கொழுந்தன். அவன்தான் படம் எடுத்தவன். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். ஆடியில் கல்யாணம் இல்லாததால் எங்களுக்குச் சும்மா கிடைத்தான்.

முதல் வரி இப்படி வந்தது: "நைட் ஷிப்டு முடிச்சு தூங்காம வந்தாங்க. செம்மங்குப்பம் டீம் யாரையும் தூங்க விடல."

கொழுந்தன் கையைத் தட்டினான். "அண்ணி, இதான் அண்ணி!"

நன்றிகளை எழுதினேன். பங்குச் சாமியார், சிஸ்டர், நடுவராக நின்ற பி.டி. டீச்சர், மோர். அன்றைய நாளில் எதைச் சொல்வது என்பதில் குழப்பமே இல்லை. சிதம்பரம் கேப்டனைத்தான் சொல்ல வேண்டும். ஒல்லியாக, பேச்சே இல்லாத பெண். முப்பதைத் தொடுகிற வயது. ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். ஆனால் பந்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கைக்கு மாற்றி, தோளுக்கு மேல் தூக்கி எறிந்தால் எதிரில் நிற்கிற நாங்கள் ஒதுங்கிக்கொள்ளப் பார்ப்போம். பிடித்த பந்தை மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும் என்பது விதி. அவளுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. இறுதி ஆட்டத்தின் கடைசி செட்டில் அவள் எறிந்த பந்து எங்கள் பக்கத்து மூலைக் கோட்டில் விழுந்தபோது, தோற்றுப்போன நானே கத்திக் கைதட்டினேன். எங்கள் அணி என்னை முறைத்தது. முறைக்கட்டும். நல்ல எறி நல்ல எறிதான்.

எல்லாம் எழுதி, கடைசி வரிக்கு வந்தேன்.

"அடுத்தது 'விரைவில்'னு போட்டுடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன்.

எனக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே ஆகாது. எங்கள் தெருவில் 'விரைவில் திறப்பு விழா' என்று பேனர் கட்டிய ஒரு கடை, அந்த பேனர் வெளுத்துக் கிழிந்த பிறகும் திறக்கவில்லை. கலையும்போது ஒவ்வொரு பெண்ணும் என் கையைப் பிடித்து "அடுத்தது எப்பக்கா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அவர்களுக்கு விரைவில் என்று பதில் சொன்னால், அவரவர் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் வாசலில் நின்று கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

"தேதி போடப் போறேன்," என்றேன்.

"கிரவுண்டு கேக்கலையே இன்னும்."

"தேதி போட்டாதான்டா கிரவுண்டு கேக்க முடியும்."

சிதம்பரம் கேப்டன் பஸ் ஏறும்போது, "அடுத்தது எங்க ஊர்லக்கா, நீங்க தேதியப் போடுங்க, எங்க ஸ்கூல் கிரவுண்ட நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அது போதும் எனக்கு. வீட்டுக்குப் போனில் கூப்பிட்டு, சுவரில் தொங்கும் பங்குக் காலண்டரை வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னேன். செப்டம்பர் தொடக்கத்தில் மாதா திருவிழா. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் நடைப்பயணம் போய்விடுவார்கள். அது முடிந்து வருகிற ஞாயிறு, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலியாக இருந்தது. எழுதிவிட்டேன். "அடுத்த சந்திப்பு: சிதம்பரம். செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு மணி." கொழுந்தன் அதே வாசகத்தை ஒரு படத்தின் மேல் பெரிய எழுத்தில் போட்டு, படங்களின் வரிசையில் கடைசியாக வைத்தான். சம்பந்தப்பட்ட எல்லோரையும் டேக் செய்தேன். பொத்தானை அமுக்கினேன்.

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். போன் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்து துடித்துக்கொண்டே இருந்தது. டேக் ஆனவர்கள் தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட, அதைப் பார்த்து அவர்கள் சொந்தக்காரர்கள் போட, கடைசிப் படத்தை மட்டும் தனியாக எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பெண், "நாங்களும் ஒரு டீம் சேக்கலாமா லாத்தா?" என்று கேட்டிருந்தாள். லாத்தா என்றால் அவர்கள் பக்கத்தில் அக்கா. என்னை ஒருவர் லாத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரரிடம் போனை நீட்டிக் காட்டினேன். "சாப்பிடு மொதல்ல" என்றார்.

மறுநாள் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு கமெண்ட் வந்தது.

"அக்கா, அன்னிக்கு முகூர்த்தம்!!!"

ஆச்சரியக்குறி மூன்று. அதற்குக் கீழே இன்னொன்று: "ஆவணி கடைசி முகூர்த்தம்க்கா. எனக்கு ரெண்டு கல்யாணம் இருக்கு." அதற்கும் கீழே: "எங்க டீம்ல நாலு பேர் வர முடியாது." என் கொழுந்தனிடமிருந்து தனியாக ஒரு செய்தி: "அண்ணி, எனக்கே அன்னிக்கு கல்யாண ஆர்டர் இருக்கு. இப்பதான் பாத்தேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆவணி பிறந்தால் கல்யாணம் என்பது எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே நான்? ஆனால் பங்குக் காலண்டரில் முகூர்த்தம் போட மாட்டார்கள். நான் எங்கள் ஆட்களுடைய திருவிழாவுக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துப் பார்த்துத் தேதி எடுத்தேன். மற்ற வீடுகளில் தினசரிக் காலண்டர் கிழிக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது. ஆடியில் எல்லோரும் சும்மா இருந்ததைப் பார்த்து எப்போதும் சும்மாவே இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன் போல. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் ஊர் உலகத்துக் கல்யாணமெல்லாம் வந்து குவியும். அந்த நாளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறேன், என் சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

தப்பைத் திருத்துவது சுலபம் என்றுதான் தோன்றியது. கேப்ஷனைப் போட்ட பிறகும் மாற்றலாம். ஒரு வாரம் தள்ளினால் புரட்டாசி வந்துவிடும். எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள். குழுவில் கேட்டேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். சிதம்பரம் கேப்டன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, மாத்தாதீங்கக்கா."

"ஏம்மா, அன்னிக்கு உங்க ஊர்லதான் கல்யாணம் ஜாஸ்தியாமே?"

"எங்க பங்காளி வீட்லயே கல்யாணம்க்கா. எங்க அத்த ஆவணி கணக்குலதான் அந்தக் கல்யாணத்த ஞாபகம் வச்சிருந்தாங்க. நீங்க செப்டம்பர்னு போட்டதால அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"அப்ப தள்ளி வச்சா உனக்குத்தான நல்லது?"

போனில் அவளுக்குப் பின்னால் குழந்தைகள் பாட்டுப் பாடும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்ல தேதி இல்லாத எதுக்கும் நான் வெளிய போனதில்லக்கா. கடலூருக்கே அத்த வேணாம்னுதான் சொன்னாங்க. நீங்க அனுப்பின நோட்டீஸக் காட்டுனேன். தேதி போட்டிருக்கே, போனா போயிட்டு வான்னு விட்டாங்க. நேத்து உங்க கேப்ஷனக் காட்டுனேன். அதுலயும் தேதி இருக்கவே சரின்னுட்டாங்க. இன்னிக்குக் காலைல கல்யாணம்னு தெரிஞ்சதும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'தேதி மாத்துனாங்கன்னா அதோட விட்டுடு, இதுக்கெல்லாம் பின்னாடி அலைய முடியாது'ன்னு. எங்க வீட்ல தள்ளிப்போனது எதுவும் திரும்பி வந்ததே இல்லக்கா. பி.எட். சேரணும்னு சொன்னேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. இன்னும் அடுத்த வருஷமாவே இருக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லி போனை வைத்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தை என்று அவள் கூப்பிடும் மாமியார் மேல், என் மேல், பங்குக் காலண்டர் மேல். அந்த மாதிரி ஒரு கையை வைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டில் உட்காரப் போகிறாள், அதற்கு நான் காரணமாக இருக்கப்போகிறேன்.

தேதியை மாற்றினால் மற்ற எல்லோரும் வருவார்கள், அவள் வர மாட்டாள். மாற்றாவிட்டால் அத்தை அவளைக் கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்களும் வர மாட்டார்கள்.

கண் பார்க்க வந்த பெரியவர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார் போல. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் மூடிக்கொண்டுதான் இருந்தார். காதை மூடவில்லை. "கல்யாணம் ஏழரைக்கு முடிஞ்சிடும்மா. பத்து மணிக்கு மேல மண்டபத்துல என்ன வேலை, எவனும் தூங்கத்தான் செய்வான்," என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. முகூர்த்தம் காலையில். தாலி கட்டி, சாப்பிட்டு, மொய் எழுதி, மத்தியானச் சாப்பாடும் ஆனால் ஊர் காலி. நாமும் ஏன் காலையிலேயே வைத்துக்கொண்டு கல்யாணத்தோடு சண்டை போட வேண்டும்? நாலு மணிக்கு வைத்தால் என்ன? இன்னும் யோசித்தால் அது இன்னும் நல்லது. கடலூரிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பாதிப் பேர் அன்று எப்படியும் ஏதாவது ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரத்தில்தான் இருப்பார்கள். பஸ் செலவுகூட மிச்சம்!

அந்தப் பெரியவருக்கு அன்று பிரேமில் தள்ளுபடி கொடுக்கும்படி முதலாளியிடம் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள் போனை எடுத்துவிட்டேன்.

கேப்ஷனைத் திறந்தேன். தேதியைத் தொடவில்லை. "காலை ஏழு மணி" என்பதை அழித்துவிட்டு எழுதினேன்: "மாலை நாலு மணி. முகூர்த்த நாள்தான், தெரியும். கல்யாணத்த முடிச்சிட்டு, சாப்பிட்டுட்டு, அப்படியே வாங்க. பட்டுப்புடவைய மாத்திக்க ரூம் இருக்கு." காலை நேரம் போட்டிருந்த கடைசிப் படத்தை வரிசையிலிருந்து நீக்கினேன். நேரம் மாறியதை ஒரு கமெண்டாகவும் எழுதி எல்லாவற்றுக்கும் மேலே தெரியும்படி குத்தி வைத்தேன். பட்டுப்புடவை வரிக்கு விழுந்த சிரிப்பு, முதல் பதிவுக்கு விழுந்ததைவிட அதிகம்.

கேப்டன் தன் அத்தையிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். தேதி அதேதான் என்பதை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு, "கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்" என்றாராம். அந்த வீட்டில் பார்க்கலாம் என்றால் என்னவென்று அவள்தான் ஏற்கெனவே சொல்லியிருந்தாளே. அந்த ஞாயிறு வரைக்கும் அவள் வருவாளா மாட்டாளா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் பள்ளித் தாளாளர் மட்டும் கேப்ஷனைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, நம்ம ஸ்கூலுக்கும் நன்றி போடுவீங்கல்ல?" என்று கேட்டு மைதானத்தைக் கொடுத்துவிட்டார்.

பதிவைத் திருத்தலாம். ஊரில் எத்தனை போன்களில் பழைய படம் உட்கார்ந்திருக்கிறது, அதை யார் திருத்துவது?

போட்டி நாள் காலை நான் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது செம்மங்குப்பம் அணியிலிருந்து போன். "அக்கா, கேட்டு பூட்டியிருக்கு. யாரையும் காணோம்."

"எந்த கேட்டு?"

"சிதம்பரம் ஸ்கூல் கேட்டுக்கா. ஏழு மணின்னு போட்டிருந்தீங்களே?"

மறுபடியும் நைட் ஷிப்டு முடித்து நேராக பஸ் ஏறி வந்திருக்கிறார்கள், மொத்த அணியும். அவர்கள் வாட்ஸாப் குழுவில் பழைய படம்தான் சுற்றியிருக்கிறது. பசி வேறு. நான் தலையில் கைவைத்துக்கொண்டு கேப்டனைக் கூப்பிட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் வந்தது.

"ஸ்கூல் கேட்லயா நிக்கிறாங்க? அதுலருந்து ரெண்டு தெருதான்க்கா மண்டபம். இங்க வரச் சொல்லுங்க."

"உங்க அத்த?"

"வரச் சொல்லுங்கக்கா."

பேச்சே இல்லாத பெண் என்று சொன்னேன் அல்லவா? அன்று அந்தக் குரலில் எதிர்ப் பேச்சுக்கு இடமே இல்லை.

இதற்கப்புறம் நடந்ததைச் செம்மங்குப்பம் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், சிரித்துச் சிரித்துப் பாதி புரியவில்லை. நீல நிற ஜெர்சி, டிராக் பேன்ட், முதுகில் பை. இந்தக் கோலத்தில் வரிசையாகக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்களாம். பந்தி வாசலில் ஒரு அம்மா, காப்பிக் கொட்டை நிறத்தில் பட்டு கட்டிக்கொண்டு, சாப்பிட வருகிறவர்களை விசாரித்து உட்கார வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"யாரு இவுங்க? பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"எங்க டீமு அத்த," என்றாளாம் கேப்டன். "ராத்திரி பூரா கம்பெனில வேலை செஞ்சிட்டு நேரா வந்திருக்காங்க. இன்னும் எதுவும் சாப்பிடல."

அந்த அம்மா அவர்களை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். ஒருத்தி கண் சிவந்து தூக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தாளாம்.

"நைட்டெல்லாம் வேலை செஞ்சிட்டா வெளாட வந்திருக்கீங்க? பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டு, "எல, எல கொண்டா இங்க!" என்று பரிமாறுகிறவர்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். இட்லி, பொங்கல், வடை, கேசரி. ஒவ்வொரு இலையாகப் பார்த்து இன்னும் போடு, இன்னும் போடு என்று நின்றாராம். சாப்பிட்டதும் பெண் வீட்டார் தங்கியிருந்த அறையில் பாய் போட்டுக் கொடுத்து, "ரெண்டு மணி வரைக்கும் இவுங்கள யாரும் எழுப்பக் கூடாது" என்று கதவைச் சாத்தியிருக்கிறார். மத்தியானம் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. பாயசத்தோடு.

நான் மூன்றரைக்குப் போய் இறங்கியபோது மைதானம் திருவிழாவாக இருந்தது. வகுப்பறையின் ஜன்னலில் பட்டுப்புடவைகள் மடித்துத் தொங்கின. தலையில் மல்லிகைப் பூவைக்கூட எடுக்காமல் ஜெர்சியில் நிற்கிறார்கள். குறிஞ்சிப்பாடி அணியில் ஒருத்தி கையில் மருதாணி கறுத்துச் சிவந்திருந்தது. பரங்கிப்பேட்டைப் பெண்கள் முதல்முறையாக வந்து ஓரமாக நின்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. என் கொழுந்தன் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு அதே காமிராவோடு ஓடி வந்தான். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கேப்டன் மட்டும் இல்லை.

நாலு அடித்தது. பி.டி. டீச்சர் விசிலை எடுத்தார். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மங்குப்பம் பெண்கள் ஆட்டத்துக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். "அவங்க வரட்டும் டீச்சர். எங்களக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டுத் தூங்க வச்சவங்க அவங்க."

கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் காப்பிக் கொட்டை நிறப் பட்டு இறங்கியது. கையில் தாம்பூலப் பைகள். பின்னாலேயே கேப்டன், ஜெர்சியில்.

"மண்டபத்தக் காலி பண்ண லேட்டாயிடுச்சு," என்று அந்த அம்மா பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "நான் இல்லாம இவள எப்படித் தனியா அனுப்புறது? எங்க நம்ம புள்ளைங்க, தூங்கி எழுந்துச்சுங்களா?"

ஆட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சிதம்பரம் தோற்றது, கடைசி செட்டில், செம்மங்குப்பத்திடம், இரண்டே புள்ளியில். கேப்டன் எறிந்த ஒரு பந்து கோட்டுக்கு வெளியே என்று டீச்சர் கொடியைக் காட்டியபோது, கோட்டோரம் நின்றிருந்த அந்த அம்மா, "உள்ளதான் வுழுந்துச்சு! நான் கண்ணால பாத்தேன்!" என்று பி.டி. டீச்சரிடம் சண்டைக்குப் போய்விட்டார். இரண்டு பேர் சேர்ந்து இழுத்துவர வேண்டியிருந்தது. கேப்டன் சிரிப்பை அடக்க முடியாமல் வலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

முடிந்ததும் வழக்கம்போல வராந்தாவில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அப்புறம் என்ன நினைத்தேனோ, கேப்டனைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன். "உங்க ஊர் ஆட்டம். நீயே எழுது." மாட்டேன், எழுதத் தெரியாது என்றாள். எல்.கே.ஜி. டீச்சருக்கு எழுதத் தெரியாதா என்று திட்டினேன். தூணில் சாய்ந்து நின்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கூட்டம் சுற்றி நின்றது. அவள் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னா எழுதுற? எனக்குச் சின்ன எழுத்து தெரியாது. நீ படிம்மா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வாங்கிப் படித்தேன். தாளாளருக்கு நன்றி, நடுவருக்கு நன்றி, ஆட்டோ ஓட்டிய அண்ணனுக்குக்கூட நன்றி. கடைசியாக இருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன்.

"எங்க அத்தைக்கு நன்றி. தெரியாதவங்கன்னு பாக்காம இலை போட்டாங்க. தூங்க வச்சாங்க. என்னைய இவங்களே கூட்டிட்டு வந்தாங்க. நான் விளையாடி எங்க வீட்ல ஒருத்தர் பாத்தது இன்னிக்குத்தான்."

கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ்ளோதானா? முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா," என்றேன்.

"எப்படி முடியும்? அடுத்தது எப்பன்னு போடல?" போனை என் கையிலிருந்து வாங்கி மருமகளிடம் நீட்டினார். "பொரட்டாசில வை. சனிக்கெழம நான் வெரதம், ஞாயித்துக்கெழமயாப் போடு. கல்யாணம் கில்யாணம் எதுவும் இல்லாத நாளா இருக்கணும். இன்னிக்கு மொத செட்ட நான் ஒழுங்காவே பாக்கல."

கேப்டன் போனை வாங்கினாள். எந்த ஞாயிறு என்று கேட்டாள். அவள் அத்தையே விரல் விட்டு எண்ணிச் சொல்லச் சொல்ல, அவள் தேதியைப் போட்டாள்.